சின்னு போயிட்டா: வளர்த்த பிராணியை இழந்தவரிடம் துக்கம் விசாரிப்பது

வளர்த்த நாயையோ பூனையையோ பறிகொடுத்த நண்பரிடம் துக்கம் விசாரிப்பது, மனிதர் இறந்த வீட்டில் விசாரிப்பதைவிடக் கடினமானது. மனிதச் சாவில் வழக்கம் துணைக்கு நிற்கிறது. வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போய், மாலையைப் போட்டு, உரியவரின் கையைப் பற்றி, கூடத்து ஓரத்தில் கால்மணி நேரம் உட்கார்ந்துவிட்டு, சொல்லிக்கொள்ளாமல் எழுந்து வந்தாலே விசாரித்தாயிற்று. வாய் திறந்து எதுவும் சொல்லியிருக்க வேண்டியதில்லை. சொன்னதும் நூறு பேர் சொன்ன அதே நாலு வார்த்தைகளாக இருக்கலாம். வந்ததுதான் செய்தி.

பிராணி இறந்த வீட்டில் இந்த ஏற்பாடு எதுவும் கிடையாது. பந்தல் இல்லை, சுவரொட்டி இல்லை, காரியம் இல்லை. உறவுக்காரர்களுக்குச் சொல்லி அனுப்புவதில்லை. அலுவலகத்தில் விடுப்புக் கேட்டால் காரணம் சொல்லக் கூச்சம். வயிறு சரியில்லை என்று பொய் சொல்லிவிட்டு வீட்டில் அழுபவர்கள் உண்டு. நண்பருக்கு வந்து சேரும் ஆறுதல் பெரும்பாலும் ஒரு வாட்ஸ்அப் செய்தி அல்லது இரண்டு நிமிடத் தொலைபேசிப் பேச்சு மட்டுமே. வழக்கம் சுமக்க வேண்டிய பாரம் முழுவதும் அந்த நாலு வரியின் மேல் விழுகிறது. மனிதச் சாவில் குறையாகத் தெரியாத தேய்ந்த சொல், இங்கே வெறுமையாக ஒலிப்பது இதனால்தான்.

அமெரிக்கத் துக்க ஆய்வாளர் கென்னத் டோகா, 1989-இல் தொகுத்து வெளியிட்ட நூல் வழியாக இத்தகைய துக்கத்துக்கு ஒரு பெயரைப் பரவலாக்கினார். தமிழில் அதை ‘உரிமை மறுக்கப்பட்ட துக்கம்’ எனலாம். இழப்பு உண்மையானது, ஆனால் அதற்காக அழும் உரிமை அவருக்கு உண்டென்று சுற்றியிருப்பவர்கள் ஒப்புக்கொள்வதில்லை. கருக்கலைந்த தாயின் துக்கமும், ஊரறியாத உறவை இழந்தவரின் துக்கமும், பிராணியை இழந்தவரின் துக்கமும் இந்த வகையில் வருகின்றன. இவர்களுக்கு இரட்டைச் சுமை. இழந்ததற்காக அழ வேண்டும்; அழுவது நியாயம்தானா என்று தங்களிடமே வாதாடவும் வேண்டும். ஆகவே இங்கே துக்கம் விசாரிப்பவரின் முதல் வேலை, அந்த வாதத்தை முடித்து வைப்பது. ‘இது துக்கம்தான்’ என்பதை அவருடைய செய்தி ஏதோ ஒரு விதத்தில் சொல்லியாக வேண்டும்.

எது போயிற்று என்பதை அறிதல்

பிராணியோடு வாழ்வது பெரும்பாலும் நேரத்தோடு வாழ்வது. விடியற்காலை ஐந்தரைக்கு நாய் கட்டிலருகே வந்து மூக்கால் இடிக்கும். நடைக்குப் போக வேண்டும். பால் பாக்கெட்டை வெட்டும் சத்தம் கேட்டால் பூனை அடுப்படிக்கு வரும். மாலையில் வண்டிச் சத்தம் தெருமுனையில் கேட்கும்போதே கேட்டருகே நகங்கள் தரையில் கீறும் ஒலி எழும். பத்துப் பன்னிரண்டு ஆண்டுகள் இப்படி ஓடியபின் உடம்பே அந்த நேரங்களுக்குப் பழகிவிடுகிறது. பிராணி இறந்த மறுநாளும் ஐந்தரைக்கு விழிப்பு வருகிறது. தட்டில் மீன்முள்ளைத் தனியாக ஒதுக்கி வைத்துவிட்டு, பிறகுதான் நினைவு வருகிறது.

இந்தத் துக்கம் நாள் முழுக்க ஒரே சீராக இருப்பதில்லை. குறிப்பிட்ட மணிகளில் வந்து தாக்குகிறது. இதை அறிந்த நண்பர், தனக்கு வசதியான நேரத்தில் அழைக்காமல், அந்த வீட்டின் கடினமான நேரம் எதுவோ அப்போது அழைப்பார். தினமும் மாலை ஆறு மணிக்கு நாயை அழைத்துக்கொண்டு நடந்தவருக்கு ஆறு மணிக்கு வரும் அழைப்பின் அருமை, பகல் பதினொரு மணிக்கு வரும் அழைப்புக்குக் கிடையாது.

துக்கச் செய்தி சுருக்கமாக வந்தால் துக்கமும் சிறியதென்று எண்ணிவிடக் கூடாது. அமெரிக்கக் கவிஞர் எமிலி டிக்கின்சனின் நாய் கார்லோ, ஏறக்குறைய பதினாறு ஆண்டுகள் அவருடன் வாழ்ந்தது. 1866-இல் அதன் சாவைத் தன் நண்பர் ஹிக்கின்சனுக்குத் தெரிவிக்க அவர் செலவழித்தவை இரண்டே சொற்கள்: பெயரும், இறந்துவிட்டது என்பதும். அதற்குமேல் விவரிக்கவில்லை. இன்று கைபேசிக்கு வரும் ‘சின்னு போயிட்டா’ என்ற ஒற்றை வரியும் அந்த வகையைச் சேர்ந்தது.

தேய்ந்த சொற்கள் செய்யும் வேலை

வழக்கமாகச் சொல்லப்படும் ஆறுதல்கள் கெட்ட எண்ணத்தில் சொல்லப்படுபவை அல்ல. ஒவ்வொன்றும் கேட்பவரிடம் என்ன செய்கிறது என்று பார்த்தால்தான் அவற்றைத் தவிர்க்கும் காரணம் புரியும்.

‘வேற ஒரு குட்டி வாங்கிக்கலாம்’ என்பது மிக அடிக்கடி வருவது. இது இறந்ததை ஒரு பொருளாக்கிவிடுகிறது. உடைந்த மிக்ஸிக்கு மாற்று வாங்குவதுபோல. நாய்க்குட்டி பார்வோ நோயில் இறந்த வீடானால் இந்த யோசனை ஆபத்தானதும்கூட. பார்வோ வைரஸ் தரையிலும் மண்ணிலும் பல மாதங்கள் உயிரோடு கிடக்கும். நிழலும் ஈரமும் உள்ள இடத்தில் ஓர் ஆண்டையும் தாண்டும். வழக்கமான தரை துடைக்கும் திரவங்கள் அதைக் கொல்வதில்லை. தடுப்பூசித் தவணைகள் முடியாத இன்னொரு குட்டியை அடுத்த வாரமே கூடையில் வைத்துப் பரிசளிக்கும் நண்பர், அதே சாவை அந்த வீட்டுக்கு இரண்டாம் முறை கொண்டுவரக் கூடும்.

‘நல்லா வாழ்ந்துச்சு, வயசாயிடுச்சு’ என்பது உண்மையாக இருக்கலாம். ஆனால் பதினான்கு ஆண்டு என்பது நாயின் கணக்கில்தான் முதுமை. வளர்த்தவரின் கணக்கில், கல்லூரி முடித்த ஆண்டிலிருந்து பிள்ளை பள்ளிக்குப் போகும் ஆண்டுவரை நீண்ட ஒரு துண்டு வாழ்க்கை. வயதைச் சொல்லி முடிப்பவர், நீளத்தையே துக்கத்துக்கு எதிரான வாதமாக்குகிறார். அதே பதினான்கு ஆண்டைத் துக்கத்துக்கான காரணமாகவும் சொல்லலாம்: ‘பதினாலு வருஷம் தினமும் பார்த்த முகம்.’

தமிழ்நாட்டில் பல வீடுகளில் சொல்லப்படும் ஓர் ஆறுதல் தனியாகக் கவனிக்கத் தக்கது. ‘வீட்டுக்கு வர இருந்த கண்டத்தை அது எடுத்துக்கிட்டுப் போயிடுச்சு.’ இந்த நம்பிக்கை உள்ள குடும்பத்தில் இது உண்மையாகவே ஆறுதல் தரும். பிராணியின் சாவுக்கு ஒரு பொருளும் மரியாதையும் கொடுக்கிறது. ஆனால் நம்பிக்கை இல்லாதவரிடம், அல்லது ஏற்கெனவே குற்ற உணர்வில் இருப்பவரிடம், இது வேறாகப் போய்ச் சேரும். ‘எனக்குப் பதிலா அது செத்துதா?’ என்ற புதிய பாரத்தை ஏற்றிவிடும். வீட்டுக்காரர் தாமே சொன்னால் தலையசைத்துக் கேட்டுக்கொள்ளலாம். வெளியிலிருந்து வருபவர் அதை முதலில் எடுத்து வைப்பது உசிதமில்லை.

‘எங்க டாமி செத்தப்பவும் இப்படித்தான்’ என்று தொடங்குவது இன்னொரு வகை. நோக்கம் ‘எனக்கும் தெரியும்’ என்று காட்டுவது. நடப்பதோ, ஐந்தாவது நிமிடத்தில் துக்கப்பட்டவர் விசாரிக்க வந்தவருக்கு ஆறுதல் சொல்லிக்கொண்டிருப்பது. ஒரே வாக்கியத்தில் நிறுத்தினால் இதில் தவறில்லை.

‘ஆழ்ந்த இரங்கல்’, ‘ஆன்மா சாந்தியடையட்டும்’ போன்றவை காயப்படுத்துவதில்லை. அவற்றின் குறை, அவை யாருக்கும் பொருந்தும் என்பதே. கட்சிப் பிரமுகரின் மறைவுக்கு எழுதியதை அப்படியே பூனைக்கும் அனுப்பலாம். பெறுபவருக்கு அது உடனே தெரிந்துவிடுகிறது.

அதுவா, அவளா?

தமிழில் துக்கம் விசாரிப்பவருக்கு வேறு மொழிகளில் இந்த அளவுக்கு இல்லாத ஒரு சிக்கல் உண்டு. தமிழின் வினைமுற்று திணையைக் காட்டிவிடும். ‘போயிட்டா’ என்றால் உயர்திணை. ‘போயிடுச்சு’ என்றால் அஃறிணை. நடுநிலையாகப் பேச வழி குறைவு. நண்பர் ‘நேத்து ராத்திரி போயிட்டா’ என்று அழும்போது, ‘அய்யோ, எப்பச் செத்துச்சு?’ என்று திருப்பிக் கேட்டால், கேட்டவர் அறியாமலேயே அந்த உயிரை ஒரு படி கீழே இறக்கிவிடுகிறார். ஒரே விகுதி அத்தனையையும் செய்துவிடுகிறது.

பிராணியை ‘அவள்’ என்பது இலக்கணப் பிழை என்று தயங்க வேண்டியதில்லை. நன்னூல் இதற்கு இடம் கொடுத்திருக்கிறது. மகிழ்ச்சி, உயர்வு, சிறப்பு, சினம், இழிவு ஆகிய காரணங்களால் திணையும் பாலும் மாறி வருவதை அது ஏற்றுக்கொள்கிறது. இதற்குத் திணை வழுவமைதி என்று பெயர். பள்ளிப் பாடநூல்கள் காட்டும் எடுத்துக்காட்டும் ஒரு வளர்ப்புப் பிராணியைப் பற்றியதுதான்: பசு வீடு திரும்புவதைப் பார்த்து, அம்மை வந்தாள் என்று சொல்வது.

எளிய விதி ஒன்று போதும். துக்கப்பட்டவர் எந்தச் சொல்லைப் பயன்படுத்துகிறாரோ அதையே பயன்படுத்துவது. அவர் ‘அவன்’ என்றால் அவன். ‘பாப்பா’ என்றால் பாப்பா. அவரே ‘அது’ என்று சொன்னால் ‘அது’ என்பதே சரி. அங்கே வலிந்து ‘அவள்’ என்பது நடிப்பாகப் படும். இவை எல்லாவற்றுக்கும் மேலே பெயர் இருக்கிறது. ‘உன் பூனை’ என்பதைவிட ‘சின்னு’ என்பது நெருக்கமானது.

பெயரைச் சொல்லும் மரபு பழையது. திருவண்ணாமலை மாவட்டம் எடத்தனூரில் ஏழாம் நூற்றாண்டின் தொடக்கத்தைச் சேர்ந்த, முதலாம் மகேந்திரவர்மன் காலத்து நடுகல் ஒன்று உண்டு. கால்நடைகளைக் காத்து இறந்த வீரனுக்காக நட்டது. வீரனின் அருகே அவனுடைய நாயையும் செதுக்கியிருக்கிறார்கள். ‘ஒரு நாயும்’ என்று பொதுவாக விட்டுவிடாமல், கோவிவன் என்ற அதன் பெயரையும், அது இரண்டு கள்வர்களைக் கடித்துக் காவல் நின்றதையும் கல்வெட்டு பதிந்திருக்கிறது. பெயர் ஒன்று, செய்த செயல் ஒன்று. நல்ல துக்கச் செய்திக்கு இன்றும் தேவைப்படுவது இந்த இரண்டும்தான்.

வெளியே சொல்லாத கேள்வி

மனிதச் சாவில் முடிவுகள் பெரும்பாலும் மருத்துவரிடமோ விதியிடமோ இருக்கின்றன. பிராணியின் விஷயத்தில் எல்லா முடிவும் வளர்த்தவருடையது: எப்போது மருத்துவரிடம் காட்டுவது, எவ்வளவு செலவழிப்பது, எப்போது நிறுத்துவது. ஆகவே இந்தத் துக்கத்தின் அடியில் அநேகமாக ஒரு கேள்வி கிடக்கும்: ‘நான்தான் கொன்னுட்டேனா?’ அதை அவர் சொல்லாமலும் இருக்கலாம். விசாரிப்பவர் ‘முன்னாடியே டாக்டர்கிட்ட காட்டியிருக்கலாமே’, ‘எந்த டாக்டர்?’, ‘கேட்டைத் திறந்து போட்டது யாரு?’ என்று விவரம் கேட்கும்போது அந்தக் கேள்வியைத்தான் உரக்கச் சொல்கிறார்.

‘உன் மேல தப்பே இல்ல’ என்று மொத்தமாகச் சொல்வதும் பயன் தருவதில்லை. காரணம் தெரியாமல் சொன்ன தீர்ப்பு என்று கேட்பவருக்குத் தெரியும். அதைவிட, குறிப்பிட்ட சந்தேகத்துக்குக் குறிப்பிட்ட உண்மை ஒன்றைச் சொல்வது உதவும்.

வயதான பூனைகள் பல சிறுநீரகக் கோளாறால் இறக்கின்றன. ‘நான் கவனிக்கலையே’ என்பது வளர்த்தவர்களின் வழக்கமான புலம்பல். சிறுநீரகத்தின் வேலைத்திறனில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு போகும்வரை வெளியே அறிகுறி தெரிவதில்லை. அதன்பின் தெரிவதும், கொஞ்சம் அதிகமாகத் தண்ணீர் குடிப்பது, மெலிவது போன்ற சிறிய மாற்றங்களே. போதாக்குறைக்குப் பூனை தன் வலியை மறைத்துக்கொள்ளும் இயல்புடையது. கவனிக்காமல் விட்டவர் கவனக்குறைவானவர் என்று இதிலிருந்து முடிவு கட்ட முடியாது.

நாய்க்குட்டிக்குத் தடுப்பூசி போட்டும் பார்வோ வந்து இறந்திருந்தால், ஊசியைத் தாமதமாகப் போட்டதே காரணமோ என்று மனம் அரிக்கும். தாய்ப்பால் வழியாகக் கிடைத்த எதிர்ப்பாற்றல் குட்டியின் உடம்பில் இருக்கும்வரை, அது தடுப்பூசியின் வேலையையும் தடுத்துவிடுகிறது. இதனால்தான் ஆறு முதல் எட்டு வாரத்தில் தொடங்கி, பதினாறு வாரம்வரை இடைவெளி விட்டுத் திரும்பத் திரும்பப் போடுகிறார்கள். தாயின் பாதுகாப்பு தேய்ந்து, ஊசியின் பாதுகாப்பு இன்னும் பிடிக்காத சில நாட்கள் எவ்வளவு கவனமாக இருந்தாலும் இடையில் வரும்.

மருத்துவர் ஊசி போட்டு உயிரை முடித்துவைத்த சாவில் உறுத்தல் இன்னும் ஆழமானது. ‘தூங்க வைப்பது’ என்று இதைச் சொல்கிறார்கள். செலுத்துவது மயக்க மருந்தை மிக அதிக அளவில். முதலில் போவது நினைவு. அது சில நொடிகளில் நடந்துவிடும். அதன்பின் மூச்சும் இதயமும் நிற்கின்றன. கண்கள் மூடுவதில்லை. நின்றபின்னும் ஒரு பெருமூச்சு வரலாம், தசை துடிக்கலாம், சிறுநீர் வெளியேறலாம். அருகில் இருந்து பார்த்தவர்கள் ‘கடைசியில வலியில துடிச்சுதோ’ என்று மாதக்கணக்கில் நினைத்துக்கொண்டிருப்பதுண்டு. அப்போது அதற்கு நினைவில்லை, வலி தெரிந்திருக்காது என்ற ஒரே தகவல், பத்து ஆறுதல் வார்த்தைகள் செய்யாததைச் செய்யும்.

உண்மையிலேயே தவறு நேர்ந்த சாவுகளும் உண்டு. காய்ச்சல் என்று எண்ணிப் பூனைக்கு வீட்டிலிருந்த பாராசிட்டமால் மாத்திரை கொடுத்திருப்பார்கள். பூனையின் ஈரலால் அந்த மருந்தைக் கழிக்க முடியாது. ஒரு மாத்திரையே கொன்றுவிடலாம். இங்கே ‘மாத்திரையால இருக்காது’ என்பது பொய். பொய் ஆறுதல் நாளைக்கு மருத்துவரின் ஒரு சொல்லால் உடையும். சொல்லக்கூடிய உண்மை வேறொன்று இருக்கிறது: காய்ச்சலைக் குறைக்கத்தான் கொடுத்தார், தெரியாமல் கொடுத்தார். செயல் நடந்ததை மறுக்காமல் நோக்கத்தைச் சொல்வது இங்கே நேர்மையின் எல்லை. அதற்குமேல் பேசாமல் பக்கத்தில் இருப்பதே நல்லது.

ஒரு செய்தி, இரண்டு வடிவம்

ஓர் எடுத்துக்காட்டைக் கற்பனை செய்துகொள்ளலாம். பள்ளி ஆசிரியை ஒருவர். சின்னு என்ற பதின்மூன்று வயதுப் பூனையோடு வாழ்ந்தவர். பூனைக்குச் சிறுநீரகம் பழுதாகிறது. நான்கு நாட்கள் வீட்டிலும் மருத்துவமனையிலுமாக அலைகிறார். இனித் தேறாது என்று மருத்துவர் சொன்னபின் ஊசிக்குச் சம்மதிக்கிறார். அன்றிரவு உடன் வேலை பார்க்கும் தோழிக்கு, சின்னு போயிட்டா என்று ஒரு வரி அனுப்புகிறார். தோழி முதலில் எழுதுவது இப்படி இருக்கலாம்:

‘சின்னுவின் மறைவுச் செய்தி கேட்டு ஆழ்ந்த அதிர்ச்சியும் வேதனையும் அடைந்தேன். அதன் ஆன்மா சாந்தியடைய இறைவனை வேண்டுகிறேன். பிறந்தவர் எல்லோரும் ஒருநாள் போகத்தானே வேண்டும். மனதைத் தேற்றிக்கொள். எல்லாம் சரியாகிவிடும். எந்த உதவி வேண்டுமானாலும் கேள்.’

இதில் சின்னு என்ற பெயரை எடுத்துவிட்டால் எவருக்கும் அனுப்பலாம். நாள்தோறும் பேச்சு மொழியில் பேசிக்கொள்ளும் தோழி திடீரென்று செய்தித்தாள் தமிழுக்கு மாறியிருப்பதும் விலகலாகத் தெரியும். ‘தேற்றிக்கொள்’ என்பது கட்டளை. ‘எந்த உதவி வேண்டுமானாலும்’ என்பது உதவி என்னவென்று யோசிக்கும் வேலையையும் துக்கப்பட்டவரிடமே ஒப்படைக்கிறது. அதே தோழி திருத்தி எழுதினால்:

‘சின்னு போயிட்டாங்கிறதை இப்பத்தான் பார்த்தேன். போன ஆடியில உங்க வீட்டுக்கு வந்தப்ப, அவ நாற்காலின்னு தெரியாம நான் உட்கார்ந்துட்டேன். எந்திரிக்கிற வரைக்கும் எதிர்ல உட்கார்ந்து என்னை முறைச்சுக்கிட்டே இருந்தா. அதுதான் இப்ப ஞாபகத்துல நிக்குது. நாலு ராத்திரி தூங்காம சிரிஞ்சால அவளுக்குத் தண்ணி ஊட்டினது எனக்குத் தெரியும். ஊசிக்குச் சரின்னு சொன்னதை நெனச்சு உன்னையே திட்டிக்கிட்டிருப்ப. இனிமே தேறாதுன்னு டாக்டர் சொன்ன பிறகுதான் நீ சரின்ன. கடைசி நிமிஷம் அவ உன் மடியிலதான் இருந்தா. இதுக்குப் பதில் போட வேணாம். சனிக்கிழமை சாயங்காலம் வர்றேன். பேசணும்னா பேசுவோம், இல்லைன்னா சும்மா உட்கார்ந்திருப்போம்.’

முதல் வாக்கியம் பெயரையும் ஆசிரியை கையாண்ட வினையையும் அப்படியே திருப்பித் தருகிறது. அடுத்து வருவது ஒரு நினைவு. அது பெரிய நிகழ்ச்சி அல்ல, புகழ்ச்சியும் அல்ல. நாற்காலிக்காக முறைத்த பூனை. ஆனால் அந்தக் காட்சி வேறு எந்தப் பூனைக்கும் பொருந்தாது. சின்னுவைத் தன்னைத் தவிர இன்னொருவரும் பார்த்திருக்கிறார், நினைவில் வைத்திருக்கிறார் என்ற சாட்சி அது. அழுகைக்கு நடுவே ஒரு சிரிப்பு வந்தாலும் தவறில்லை.

பிறகு வருவது, சொல்லாத கேள்விக்கான பதில். ‘நீ கொல்லவில்லை’ என்று அது தீர்ப்புச் சொல்லவில்லை. நான்கு இரவுகள், மருத்துவரின் சொல், மடி என்று நடந்தவற்றை நடந்த வரிசையில் வைக்கிறது. முடிவை ஆசிரியையே எடுத்துக்கொள்ளலாம். தோழிக்கு உறுதியாகத் தெரிந்தவை மட்டுமே இங்கே இடம்பெற வேண்டும். மடியில் இறந்ததா என்று தெரியாவிட்டால் அந்த வரியை எழுதக் கூடாது. கடைசியில், பதில் எழுதும் கடமையிலிருந்து விடுதலை. உதவியும் கிழமையோடும் பொழுதோடும் வருகிறது. வேண்டாமென்றால் மறுக்கலாம், ஆனால் கேட்டுப் பெற வேண்டியதில்லை.

பிராணியை நேரில் பார்த்திராதவருக்கு நினைவு கிடைக்காது. அவர் இட்டுக்கட்ட வேண்டியதில்லை. நண்பர் எப்போதோ சொன்னதை எடுத்துச் சொல்லலாம்: ‘மழை வந்தா அலமாரிக்குள்ள போய் உட்கார்ந்துக்குவான்னு சொல்லியிருக்கீங்க.’ அதுவும் இல்லையென்றால் ஒரு கேள்வி போதும்: ‘எப்படி உங்க வீட்டுக்கு வந்தான்?’ சாவைப் பற்றிய கேள்வி விசாரணையாகிவிடும். வந்த கதையைக் கேட்டால் பேச விரும்புபவர் பேசத் தொடங்குவார். விரும்பாதவர் ஒரு வரியில் முடித்துக்கொள்வார்.

முதல் நாளும் பின்வரும் நாட்களும்

முதல் நாளில் பேச்சைவிடக் கைகள் தேவைப்படலாம். சொந்த மண் உள்ள வீட்டில் குழி தோண்ட வேண்டும். மூன்றடி ஆழமாவது இல்லாவிட்டால் தெருநாய்கள் கிளறிவிடும். ஊசி போட்டு இறந்த உடலாக இருந்தால் அதில் தங்கியிருக்கும் மருந்து கிளறித் தின்னும் பிராணியையும் பாதிக்கும். அடுக்குமாடிக் குடியிருப்பில் வாழ்பவருக்கு எங்கே கொண்டுபோவது என்பதே பெரும் திகைப்பு. உள்ளூர்க் கால்நடை மருத்துவமனையிலோ நகராட்சியிலோ கேட்டு, ஒரு வண்டியோடு வந்து நிற்கும் நண்பர் தனியாக ஆறுதல் எதுவும் சொல்ல வேண்டியிருக்காது.

வீட்டைத் துப்புரவாக்கித் தருகிறேன் என்று கழுத்துப்பட்டையையும் சோற்றுத் தட்டையும் கேட்காமல் எடுத்து ஒளிப்பது அடிக்கடி நடக்கும் தவறு. கண்ணில் படாவிட்டால் மறந்துவிடும் என்பது கணக்கு. சிலருக்கு அந்தத் தட்டு ஒரு வாரம் அதே மூலையில் இருந்தாக வேண்டும். எடுக்கும் நாளை அவர்தான் தீர்மானிக்க வேண்டும்.

குழந்தைகள் உள்ள வீட்டில் ‘தூங்கிட்டான்’ என்றும் ‘ஊருக்குப் போயிருக்கான்’ என்றும் சொல்வதுண்டு. முதலாவது, தூக்கத்தின் மேல் பயத்தை உண்டாக்கும். இரண்டாவது, திரும்பி வருவான் என்று காத்திருக்க வைக்கும். ‘செத்துட்டான், இனி வர மாட்டான்’ என்பது கடுமையாகத் தோன்றினாலும் குழந்தைக்குப் புரிகிற சொல். விசாரிக்க வருபவர், பெற்றோர் என்ன சொல்லியிருக்கிறார்கள் என்று முதலில் தெரிந்துகொண்டு பேச வேண்டும்.

காணாமல்போன பிராணியின் விஷயம் வேறு. தீபாவளி வெடிச் சத்தத்துக்கு மிரண்டு ஓடிய நாய் திரும்பாமல் போனால், அது இறந்ததா என்பதே தெரியாது. அங்கே இரங்கல் சொல்வது நம்பிக்கையைப் பறிப்பதாகும். ‘வந்துடும்’ என்பது கையில் இல்லாத வாக்குறுதியாகும். அங்கே பொருத்தமான பேச்சு, ‘இன்னைக்கு எந்தப் பக்கம் தேடப் போறீங்க? நானும் வர்றேன்’ என்பதுதான்.

முதல் இரண்டு நாட்களில் பத்துப் பேர் செய்தி அனுப்புவார்கள். மூன்றாவது வாரத்தில் யாரும் இருக்க மாட்டார்கள். அந்த வாரத்தில் போகும் ஒரு செய்திக்கு அதிக மதிப்பு உண்டு. கைபேசியில் பழைய படம் ஒன்று கிடந்து, ஓரத்தில் அந்தப் பிராணியின் வாலோ காதோ தெரிந்தால், ‘இதுல சின்னு இருக்கா, அனுப்பட்டுமா?’ என்று கேட்டுவிட்டு அனுப்பலாம். கேட்காமல் அனுப்பினால் அலுவலகத்தின் நடுவில் கண் கலங்க நேரிடும். வாரங்கள் பல கடந்தும் உணவும் உறக்கமும் வேலையும் நிலைகுலைந்தே இருந்தால், அது நண்பரின் பேச்சால் தீருவதல்ல. மனநல மருத்துவரிடம் அழைத்துப்போக வேண்டியது.

பிறகு ஒரு நாள் அந்த வீட்டுக்கு இன்னொரு குட்டி வரலாம், வராமலும் போகலாம். வந்தால், ‘இவன் அவனை மாதிரியே இருக்கான்’ என்று ஒப்பிடுவதையும், ‘அப்பாடா, இப்ப சரியாயிட்டீங்க’ என்று கணக்கு முடிப்பதையும் தவிர்ப்பது நல்லது. புதியவனின் பெயரைக் கேட்டுத் தெரிந்துகொண்டு, பழையவளின் பெயரையும் வழக்கம்போல் பேச்சில் சொல்லி வந்தால் போதும்.